ஷேட் கார்டுப் பட்டையைப் படித்தல்: அட்டையில் ஒரு கட்டம், சுவரில் எந்தக் கட்டம்?

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோரி வரும் வாடிக்கையாளர்களின் மதிப்பீட்டுத் தாளில் சிமெண்டு, தரை ஓடு, மின்கம்பி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் இருக்கும். வண்ணப்பூச்சுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான். இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய் என்று முடிந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் எடுத்தபின் மாற்ற இயலாத ஒரு முடிவு உண்டு. கடையில் நிறம் கலந்து தந்த பெயிண்டை எந்த வியாபாரியும் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. நிறம் தவறிவிட்டால், அதே சுவருக்கு இரண்டாம் முறை பணம் செலுத்த நேரிடும். மதிப்பீட்டுத் தாள்களைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்து வந்த நானும் என் சொந்த வீட்டில் அவ்வாறு இரண்டாம் முறை பணம் செலுத்தியவன்தான்.

பணிமாற்றலில் புனே வந்து, அங்கேயே பழைய அடுக்குமாடி வீடொன்றை வாங்கிக் குடியேறிய சமயம் அது. என் தாயாருக்கென ஒதுக்கிய அறை பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. வடக்கு நோக்கிய ஒரே சன்னல். அதற்கெதிரே சற்றுத் தொலைவில் அடுத்த கட்டடத்தின் சுவர். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயாருக்குக் காலையில் நாளிதழ் படிப்பது நாள் தவறாத வழக்கம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வெளிர் பச்சையைத் தேர்ந்தோம். கடையில் தந்த ஷேட் கார்டில் ஒரு பச்சைப் பட்டையின் மூன்றாம் கட்டம் வாழைக் குருத்தைப் போல் மென்மையாகத் தோன்றியது. அதன் குறியீட்டு எண்ணைச் சொல்லிப் பெயிண்ட் கலந்து வாங்கி, நான்கு சுவர்களிலும் இரண்டு பூச்சு அடித்து முடித்தோம்.

மறுநாள் அறைக்குள் நுழைந்தபோது குருத்தின் நிறம் இல்லை. முற்றிய இலையின் நிறமே இருந்தது. பகல் பதினொரு மணிக்கும் விளக்கு போட வேண்டியிருந்தது. "சுவர் நல்லாத்தான் இருக்குடா. எழுத்துதான் தெரியல" என்றார் தாயார். கடைக்காரர் தவறான எண்ணைக் கலந்துவிட்டாரோ என்று ஐயுற்று, அட்டையைச் சுவரில் ஒட்டவைத்துப் பார்த்தேன். கட்டமும் சுவரும் அச்சு அசலாக ஒத்திருந்தன. பெயிண்டர் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "அட்டையில் பார்ப்பதைவிடச் சுவரில் நிறம் ஏறும், சாஹேப்." அந்த ஏற்றம் ஏன் நிகழ்கிறது, அதை முன்கூட்டியே எவ்வாறு கணிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பட்டையின் அமைப்பு

ஷேட் கார்டு என்பது விசிறிபோல் விரியும் பல பட்டைகளின் தொகுப்பு. ஒவ்வொரு பட்டையிலும் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு கட்டங்கள் இருக்கும். ஒரே நிறக் குடும்பம், ஒரு முனையில் ஏறக்குறைய வெண்மையாகத் தொடங்கி, மறுமுனையில் அடர்ந்து முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயரும் ஒரு குறியீட்டு எண்ணும் உண்டு. பெயர் விற்பனைக்கானது, எண்ணே கலவைக்கானது. கடையிலுள்ள டின்டிங் இயந்திரம், அந்த எண்ணுக்குரிய அளவில் நிறக்குழம்புகளை பேஸ் எனப்படும் அடிப்பூச்சு டின்னுக்குள் செலுத்திக் குலுக்கித் தருகிறது.

பட்டையின் இருமுனைகளுக்கும் ஒரே பேஸ் பயன்படுவதில்லை. வெளிர் கட்டங்களுக்கான பேஸில் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்ணிறமி மிகுதியாக இருக்கும். அதுவே பழைய சுவரை மறைக்கும் ஆற்றலைத் தருவது. அடர்ந்த கட்டங்களுக்கு அந்த வெண்மை இடையூறாகும் என்பதால், வெண்ணிறமி குறைந்த வேறொரு பேஸில் நிறக்குழம்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். ஆகவே ஒரே பட்டையில் கீழே செல்லச் செல்ல, விலை உயரக்கூடும். அடர் சிவப்பு, அடர் மஞ்சள் போன்றவற்றில் இரண்டு பூச்சுக்குப் பதில் மூன்று பூச்சும் தேவைப்படலாம். மதிப்பீட்டுத் தாளில் கையொப்பமிடும் முன், தேர்ந்த கட்டத்துக்கு எந்த பேஸ், எத்தனை பூச்சு என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

முதலில் அடர்ந்த முனையைப் பாருங்கள்

வெளிர் கட்டங்களை மட்டும் பார்த்து நிறத்தைத் தேர்வது எளிதில் தவறும். மூன்று வெவ்வேறு பட்டைகளின் முதல் கட்டங்களை அருகருகே வைத்தால், மூன்றும் வெறும் வெள்ளையாகவே தோன்றலாம். அவற்றின் கடைசிக் கட்டங்களைப் பார்த்தால்தான், ஒன்று நீலம் கலந்த சாம்பல், ஒன்று ஊதா கலந்த சாம்பல், ஒன்று பழுப்பு கலந்த சாம்பல் என்பது வெளிப்படும். அடியில் மறைந்திருக்கும் அந்தச் சாயல்தான் நான்கு சுவர்களிலும் பரவும்போது மேலெழுந்து வரும். அடர்ந்த முனையில் உங்களுக்கு உவப்பில்லாத சாயல் தென்பட்டால், அப்பட்டையின் வெளிர் கட்டத்தையும் தவிர்ப்பதே நலம். எல்லாப் பட்டைகளிலும் மேல்கட்டமும் கீழ்க்கட்டமும் ஒரே நிறக்குழம்புகளால் ஆனவை அல்ல. எனவே இதனை முதல் வடிகட்டியாக மட்டும் கொண்டு, இறுதி முடிவைச் சோதனைக்கு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, கட்டத்தைத் தனித்துப் பார்ப்பது. நாங்கள் தேர்ந்த மூன்றாம் கட்டம் மென்மையாகத் தோன்றியதற்கு, அதன் கீழே ஐந்தாம், ஆறாம் கட்டங்கள் இருந்ததும் ஒரு காரணம். கறுப்பானவற்றுக்கு அருகில் எதுவும் வெளுத்தே தோன்றும். ஒரு வெண்தாளில் கட்டத்தின் அளவுக்குச் சதுரமாக வெட்டி, அந்தத் துளை வழியே ஒரு கட்டத்தை மட்டும் பாருங்கள். அட்டையை மேசைமேல் கிடத்தாமல், சுவரோடு சேர்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். கிடக்கும் அட்டைமேல் விழும் ஒளி வேறு. நிற்கும் சுவரின்மேல் விழும் ஒளி வேறு.

குறைந்து செல் இருப்பு முறை

இனி, நிறம் ஏறுவதன் காரணத்துக்கு வருவோம். சில ஷேட் கார்டுகளில் ஒவ்வொரு கட்டத்தின் பின்புறமோ அடிப்புறமோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையில் இல்லையெனில், நிறுவனத்தின் இணையதளத்திலோ கடைக்காரரிடமோ அது கிடைக்கலாம். அந்த நிறத்தின்மேல் 100 பங்கு ஒளி விழுந்தால், எத்தனை பங்கு திரும்பி வரும் என்பதைக் குறிக்கும் எண் அது. முழுக் கறுப்பு 0. முழு வெண்மை 100. எங்கள் பட்டையில் மூன்றாம் கட்டத்துக்கு 58 என்றும், இரண்டாம் கட்டத்துக்கு 68 என்றும், முதல் கட்டத்துக்கு 78 என்றும் இருந்தது.

58க்கும் 78க்கும் வேறுபாடு இருபதுதானே என்று தோன்றும். கையிலுள்ள அட்டைக்கு அது சரி. அட்டையில் பட்ட ஒளி ஒரே ஒருமுறை திரும்பி நம் கண்ணை அடைகிறது. அறையிலோ, ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குச் செல்கிறது. அங்கிருந்து பக்கச்சுவருக்குச் செல்கிறது. அதன்பின்னரே நம் மேசையை அடைகிறது. வணிகவியல் பயின்றவர்கள் தேய்மானக் கணக்கில் குறைந்து செல் இருப்பு முறையை நினைவில் வைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் எஞ்சிய மதிப்பின்மேல்தான் தேய்மானம் கழிக்கப்படும். சுவர்களுக்கிடையே ஒளியும் அவ்வாறே தேய்கிறது.

மூன்றாம் கட்டத்தில் 100 பங்கு ஒளி, முதல் சுவரில் 58 ஆகிறது. இரண்டாம் சுவரில் ஏறத்தாழ 34. மூன்றாம் சுவரில் 20. முதல் கட்டத்தைப் பூசியிருந்தால் அதே ஒளி 78, 61, 47 என்று குறைந்திருக்கும். அட்டையில் முக்கால் பங்காகத் தெரிந்த வேறுபாடு, மூன்று சுவர்களைத் தாண்டியதும் பாதிக்கும் கீழாகிவிடுகிறது. சன்னலுக்கு அருகில் நேரடி ஒளி கிடைக்கும். சன்னலுக்கு எட்டிய மூலையில், அதாவது என் தாயாரின் நாற்காலி இருந்த இடத்தில், சுவர்கள் கைமாற்றித் தரும் ஒளியே பெரும்பகுதி. எழுத்து தெரியாமல் போனதற்குக் காரணம் இதுவே.

வெளிச்சம் மட்டுமன்று, நிறமும் இவ்வாறே பெருகுகிறது. வெளிர் பச்சை என்பது பச்சை ஒளியைச் சற்று மிகுதியாகவும், சிவப்பு ஒளியைச் சற்றுக் குறைவாகவும் திருப்பி அனுப்பும் நிறம். எடுத்துக்காட்டாக, பச்சையில் 62 பங்கும் சிவப்பில் 48 பங்கும் திரும்புவதாகக் கொள்வோம். முதல் சுவரில் வேறுபாடு சிறியது. அதனால் மென்மையாகத் தெரிகிறது. மூன்று சுவர்களுக்குப் பின் பச்சை 24 ஆகவும், சிவப்பு 11 ஆகவும் நிற்கும். ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்குக்கும் மேல். கலவை மாறவில்லை; பெயிண்ட் மாறவில்லை; ஆயினும் கண்ணுக்கு வருவது அடர்ந்த பச்சை. பெயிண்டர் 'நிறம் ஏறும்' என்றது இதைத்தான்.

இக்கணக்கு நான்கு சுவர்களையும் மட்டும் கொண்டது. வெண்மையான மேற்கூரையும், வெளிர் நிறத் தரையும் ஒளியை மீட்டுத் தரும். கறுத்த மர அலமாரியும் தடித்த திரைச்சீலையும் மேலும் விழுங்கும். ஆகவே, எத்தனை படி ஏறும் என்பதை எண்ணால் மட்டும் முடிவு செய்ய இயலாது. எந்தத் திசையில் ஏறும் என்பதை எண் சொல்லும். எவ்வளவு என்பதைச் சோதனைதான் சொல்லும்.

எத்தனை படி வெளிர் பக்கம் நகர்வது?

நான்கு சுவர்களுக்கும் ஒரே நிறம் எனில், அட்டையில் மனத்துக்குப் பிடித்த கட்டத்திலிருந்து வெளிர் பக்கமாக ஒரு படி நகர்ந்து தொடங்கலாம். அறை சிறியது, சன்னல் ஒன்றே, எதிரே கட்டடம் மறைக்கிறது என்றால் இரண்டு படி. மஞ்சள் குடும்பத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மஞ்சள் மிகுந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அது பலமுறை சுவர்களுக்கிடையே பயணம் செய்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் நீலத்தை இழந்து மேலும் மஞ்சளாகிறது. அட்டையில் சந்தனமாக இருந்தது, அறையில் எலுமிச்சையாவது இதனால்தான்.

இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. மூன்று சுவர்கள் வெண்மையாக இருக்க, ஒரே சுவருக்கு மட்டும் நிறம் பூசுவதாயின், அந்நிறம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. பிடித்த கட்டத்தையே எடுக்கலாம். பட்டையின் கடைசி அடர் கட்டங்களும் அதிகம் ஏறுவதில்லை. 100 பங்கில் 10 பங்கு மட்டுமே திரும்பும் நிறத்தில், இரண்டாம் சுவருக்குப் பின் எஞ்சுவது ஒரே பங்கு; பெருகுவதற்கு அங்கே ஒளியே இல்லை. அத்தகைய அறையில் கேள்வி நிறத்தைப் பற்றியதன்று, விளக்கைப் பற்றியது. வீட்டின் வெளிச்சுவரிலோ நிலைமை நேர்மாறு. சுவரில் பட்ட ஒளி வானவெளியில் கலைந்துவிடுகிறது. நேர் வெயிலும் நிறத்தை வெளுத்துக் காட்டுகிறது. எனவே வெளிச்சுவருக்கு அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி அடர்ந்த கட்டத்தைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

மூலைச் சோதனை

இரண்டாம் முறை நாங்கள் செய்தது இதுதான். 200 மில்லி அளவுள்ள மாதிரி டின்கள் கிடைக்கின்றன. முதல் கட்டத்துக்கு ஒன்றும், இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றும் வாங்கினோம். பச்சைச் சுவரின்மேல் நேரடியாகப் பூசிப் பார்க்கவில்லை. பழைய நிறம் சுற்றிலும் இருந்தால், புதிய நிறம் வேறாகத் தோன்றும். அகலமான வெள்ளைத் தடித்த அட்டைகளை நான்கு எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு அட்டைகள் வீதம், இரண்டு பூச்சு அடித்தோம். முழுதாக ஒரு நாள் உலரவிட்டோம். எமல்ஷன் ஈரமாக இருக்கையில் பால்போல் வெளுத்திருக்கும். உலர்ந்தபின் பெரும்பாலும் ஒரு சாயல் அடர்ந்துவிடும். ஈரத்தைப் பார்த்து முடிவு செய்வது, பாதித் தவணையைப் பார்த்து முழுக் கடனைக் கணக்கிடுவது போன்றது.

உலர்ந்தபின் ஒரே நிறத்தின் இரு அட்டைகளையும், அறையின் மூலைபோல் செங்கோணமாகச் சேர்த்து நிறுத்தினோம். இரண்டும் சந்திக்கும் உள்மடிப்பைக் கவனியுங்கள். அங்கே ஓர் அட்டையின் ஒளி மற்றோர் அட்டையின்மேல் விழுகிறது. நான்கு சுவர்களுக்குள் நிகழப்போவதன் சிறு உருவம் அது. இரண்டாம் கட்டத்தின் உள்மடிப்பு, ஷேட் கார்டின் மூன்றாம் கட்டத்தைவிடவும் அடர்ந்து தோன்றியது. முதல் கட்டத்தின் உள்மடிப்பில், நாங்கள் தொடக்கத்தில் விரும்பிய அதே வாழைக் குருத்து இருந்தது.

ஒரே வேளையில் பார்த்து முடிவு செய்யவில்லை. காலை எட்டு மணி, நண்பகல் ஒரு மணி, இரவு விளக்கொளி ஆகிய மூன்று வேளைகளிலும், தாயாரின் நாற்காலிக்கு அருகிலேயே அட்டைகளை நிறுத்தினோம். இரவில் எந்த விளக்கு என்பதும் முக்கியம். நம் வீடுகளில் பரவலாக உள்ள 6500 கெல்வின் எல்.இ.டி. வெண்ணொளி பச்சையையும் நீலத்தையும் கூர்மையாக்கும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சளொளி அவற்றை மங்கச்செய்து பழுப்பாக்கும். கடையின் விளக்கு வீட்டின் விளக்கன்று. விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால், முதலில் விளக்கை மாற்றிவிட்டுப் பின்னர் நிறத்தைத் தேர்க. மூன்று வேளையிலும் முதல் கட்டமே நின்றது.

செலவைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம். நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. கதவும் சன்னலும் 50 சதுர அடி எனக் கழித்தால் 390. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று கொண்டால், தேவை 6.5 லிட்டர். சோதனைக்குச் செலவானது 0.4 லிட்டர். அதைத் தவிர்த்ததால் முதல்முறை 6.5 லிட்டரும் கூலியும் வீண். அதற்குமேல், அடர்ந்த நிறத்தை மறைக்க ஒரு பூச்சு வெள்ளை பிரைமரும் அடிக்க வேண்டியதாயிற்று. வெளிர் நிறத்தை அடர்ந்த நிறத்தின்மேல் நேராகப் பூசினால், பழையது அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்.

இரண்டு கட்டங்களுக்கு இடைப்பட்ட நிறம் வேண்டுமெனில், நிறக்குழம்பின் அளவைப் பாதியாக்கித் தருமாறு சிலர் கேட்பதுண்டு. கடையில் அது இயலலாம். ஆனால் குழம்பு பாதியானால் நிறம் சரியாகப் பாதியாகும் என்பதற்கில்லை. மேலும் அந்த நிறத்துக்கு ஷேட் கார்டில் எண் இராது. பின்னாளில் ஒரு சுவரைச் சீர்செய்ய நேர்ந்தால் ஒத்த நிறம் கிடைப்பது அரிது. அவ்வாறு செய்வதாயின், எந்த பேஸில் எந்தக் குழம்பு எத்தனை மில்லி என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குக.

எண்ணுள்ள நிறத்துக்கும் ஒரு குறிப்பு தேவை. எல்லா டின்களையும் ஒரே நாளில் வாங்கிப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்தபின் பூசச் சொல்லுங்கள். இரு வேறு நாள்களில் கலந்த டின்களுக்கிடையே சிறு வேறுபாடு இருக்கக்கூடும், அது சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். குறியீட்டு எண், பேஸின் பெயர், மேட் பூச்சா மினுமினுப்புப் பூச்சா என்பது, தேதி, எந்த அறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களின் நகலோடு வைத்துவிடுங்கள். எங்கள் கோப்பில் அந்த அறைக்கு இரண்டு தாள்கள் உள்ளன. இரண்டிலும் ஒரே பட்டை. கட்டங்கள் மட்டும் வேறு. மூன்றாம் கட்டத்துக்கான தாளின் குறுக்கே நான் ஒரு கோடு கிழித்திருக்கிறேன். இப்போது காலை பதினொரு மணிக்குத் தாயார் விளக்கில்லாமலேயே நாளிதழ் படிக்கிறார்.